90 நிமிட வகுப்பைத் துண்டு வீடியோக்களாகப் பதியும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து சரிசெய்வது

சிவில் இரண்டாம் ஆண்டுக்கு ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் படம் வரைவதை இரண்டு பீரியடைச் சேர்த்து 90 நிமிடத்தில் நடத்துவேன். அதை வீடியோவாக்க உட்கார்ந்தபோது, முதல் சுற்றில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்தேன். இப்போது அதே பாடம் 7 துண்டுகளாக, மொத்தம் 46 நிமிடமாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எழுதிவைத்துப் பேசிய தொடக்கம் ஒன்று, முடிவில் நினைவூட்டல் ஒன்று, நடுவில் எழுதாமல் பேசியது. கீழே இருப்பவை நான் பட்ட கோளாறுகள். உங்களுடையதோடு ஒத்துப்போகும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

அறிகுறி: துண்டு போட்டாயிற்று, ஆனால் நடுவிலிருந்து பார்த்தால் ஒன்றும் புரியவில்லை

எப்படித் தெரியும்: பாடம் தெரிந்த, ஆனால் உங்கள் வகுப்பில் இல்லாத ஒருவரிடம் ஐந்தாவது துண்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். முதல் நிமிடத்துக்குள் "எந்த பீம்?" என்று கேட்டால் இந்தக் கோளாறுதான்.

காரணம், கடிகாரத்தைப் பார்த்து வெட்டியது. 2014இல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்வையாளர் நிலைத்திருந்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அதில் வந்த முடிவு. அந்த 6 மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. வகுப்பில் எடுத்த நீண்ட பதிவை வெட்டிப் போட்டால், துண்டாகவே திட்டமிட்டு எடுத்ததைப் போல ஆளை இருத்தாது என்று அதே ஆய்வில் இருப்பது காதில் விழவில்லை. எனக்கும் விழவில்லை. 90ஐ 6ஆல் வகுத்தேன், 15 துண்டு வந்தது.

என் பழைய வகுப்பில் நேரம் எப்படிப் போகும் என்றால், வருகைப்பதிவும் போன வகுப்பின் நினைவூட்டலும் 10 நிமிடம், சுமை வகைகள் 12, ரியாக்‌ஷன் கண்டுபிடிப்பது 10, குறி வழக்கம் 8, ஒற்றைச் சுமைக்கு வெட்டிப் பார்ப்பது 20, பரவிய சுமை 18, கடைசியில் அவசரமாக ஷியருக்கும் மொமென்ட்டுக்கும் உள்ள தொடர்பு 7, சந்தேகம் 5. இதை 6 நிமிடத்துக்கு ஒன்றாக வெட்டினால் ஒரு வெட்டு 42ஆவது நிமிடத்தில் விழுகிறது. அங்கே நான் "பீமை வெட்டியாச்சு, இனி இடது பக்கத்தை மட்டும் பார்ப்போம்" என்று சொல்லி வாய் மூடவில்லை. எட்டாவது துண்டு "இந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தது. எந்தப் பக்கம்!

சரிசெய்யும் வழி: கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பத்தியில் அந்தத் துண்டு எந்தக் கேள்வியோடு தொடங்குகிறது, வலது பத்தியில் எந்தப் பதிலோடு முடிகிறது. ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். பின்னால் எழுதப்போகும் தொடக்கமும் நினைவூட்டலும் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுதான். ஜோடி எழுத வரவில்லை என்றால் உங்கள் எழுத்தில் குறை இல்லை, துண்டின் எல்லை தப்பான இடத்தில் இருக்கிறது.

என் பாடத்தில் ஒரு நல்ல ஜோடி இது. கேள்வி: 6 மீட்டர் பீமில் இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோ நியூட்டன் சுமை இருந்தால், பெண்டிங் மொமென்ட் எங்கே அதிகம், எவ்வளவு? பதில்: சுமைக்கு நேர் கீழே, 8 × 2 = 16 கிலோ நியூட்டன் மீட்டர். இடது ரியாக்‌ஷன் 8, வலது 4 என்பது முந்தைய துண்டின் பதில். அதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், திரும்பக் கண்டுபிடிக்க வேண்டாம்.

தோற்றுப்போன ஜோடியும் ஒன்று உண்டு. குறி வழக்கம். இடது பத்தியில் "எந்தத் திசை கூட்டல்?" என்று எழுதினேன், வலதில் "இடது துண்டில் மேல்நோக்கிய விசை கூட்டல்." யாருக்கும் அந்தக் கேள்வி வராது. பதிலும் வெறும் ஒப்பந்தம். ஆகவே அது தனித் துண்டாக நிற்கத் தகுதியில்லை. ஷியர் படம் வரையும் துண்டுக்குள் தேவைப்படும் இடத்தில் ஒரு நிமிடமாக நுழைத்துவிட்டேன், 8 நிமிடம் காலி. சுமை வகைகளும் அதேபோல் கரைந்தன. மாறாக, கடைசி 7 நிமிடத்தில் ஓட்டமாக ஓடிய தொடர்புக்கு அருமையான ஜோடி கிடைத்தது: "மொமென்ட் உச்சம் தொடும் இடத்தைக் கணக்குப் போடாமலே சொல்ல முடியுமா?", "முடியும், ஷியர் கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடம்." அது முழு 6 நிமிடத் துண்டாயிற்று. இத்தனை வருடம் அதைத்தான் மணி அடிக்கும்போது சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீளம் அதுவாகவே வரும். எனக்கு 4 நிமிடத்திலிருந்து 9 வரை வந்தது. 9 நிமிடத் துண்டு இரண்டு வகைச் சுமையும் உள்ள முழுக் கணக்கு. அதை உடைத்தால் கணக்கு உடையும், விட்டுவிட்டேன்.

அறிகுறி: தொடக்கத்தை எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள்

லேபில் ஒரு மாணவி ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து கவனித்தேன். வீடியோ திறந்ததும் கட்டை விரல் நேராகக் கோட்டுக்குப் போய் 40ஆவது விநாடியில் நின்றது. தேடவே இல்லை, பழகிய கை.

"ஏம்மா, ஆரம்பத்தைப் பார்க்கலையே?"

"அது எப்பவும் வணக்கம்தானே சார்."

உண்மைதான். வணக்கம், என் பெயர், துறையின் பெயர், பாடக் குறியீடு, "கடந்த காணொளியில் நாம் கண்டது", "இந்தக் காணொளியில் நாம் காணவிருப்பது". 40 விநாடி. ஏழு துண்டுக்கு ஏழு முறை என்றால் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் நான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடக் குறியீடும் பெயரும் திரையில் தலைப்பாக 3 விநாடி நின்றால் போதும். வணக்கம் முதல் துண்டில் மட்டும். தொடக்கம் 20 முதல் 30 விநாடிக்குள், அந்த இடது பத்திக் கேள்வியை படத்தோடு கண்முன் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பரவிய சுமைத் துண்டின் தொடக்கம் இப்போது இப்படி இருக்கிறது: "போன கணக்குல 12 கிலோ நியூட்டன ஒரே இடத்துல வச்சோம், மொமென்ட் 16 வந்துச்சு. இப்ப அதே 12ஐ ஆறு மீட்டருக்கும் பரப்பிட்டேன், மீட்டருக்கு 2. மொமென்ட் 9தான் வருது. சுமை குறையவே இல்ல. அப்ப மிச்சம் எங்க போச்சு?" இதைத் தள்ளிவிட்டுப் போனால் 9 எப்படி வந்தது என்று பார்க்கத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

அறிகுறி: தொடக்கம் ஒருவர் பேசுவது போலவும் பாடம் இன்னொருவர் பேசுவது போலவும் கேட்கிறது

கேமரா, மைக் எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் 25ஆவது விநாடியில் ஆள் மாறினாற்போல் ஒரு தட்டு. நான் முதலில் ஒலிப்பதிவைத்தான் சந்தேகப்பட்டேன். கோளாறு தாளில் இருந்தது.

தமிழில் எழுதக் கை வைத்தவுடன் நமக்கு எழுத்துத் தமிழ் வந்துவிடுகிறது. என் முதல் தாளில் இருந்தது: "எளிய தாங்கிகளைக் கொண்ட உத்திரத்தின் மீது புள்ளிச்சுமை செயல்படும்போது ஏற்படும் வளைவுத் திருப்புத்திறனைக் கணக்கிடும் முறையைக் காண்போம்." இதைப் படித்துவிட்டு அடுத்த நொடி "சரி, இப்ப பீமை இங்க வெட்டுறோம்" என்றால் ஆள் மாறாமல் எப்படி இருக்கும்? மாணவருக்கும் உத்திரம்தான் பீம் என்று பிடிபட இரண்டு விநாடி ஆகும், அதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள்.

ஆகவே எழுதாமல் பேசிப் பாருங்கள். ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மாணவரிடம் சொல்வதுபோல் கேள்வியைச் சொல்லுங்கள். மூன்று முறை சொன்னால் மூன்றாவது ஓரளவு நன்றாக இருக்கும். அதைக் கேட்டு அப்படியே தாளில் இறக்குங்கள், 'வச்சோம்', 'வருது' உட்பட. அப்புறம் வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். நான் நிதானமாக விளக்கும்போது நிமிடத்துக்கு 95 சொல் அளவில் பேசுகிறேன். ஆக, 25 விநாடித் தொடக்கத்துக்கு 40 சொல். உங்கள் எண்ணிக்கையை உங்கள் பழைய பதிவு ஒன்றில் ஒரு நிமிடத்தை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 150ஐ நம்பி எழுதினால் மூச்சு வாங்கும். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது நமக்கு ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொரு காரணம், ஒட்டு விழும் இடம். தொடக்கத்தைத் தனியாகவும் பாடத்தைத் தனியாகவும் எடுத்து முகத்திலிருந்து முகத்துக்கு ஒட்டினால் தலை குதிக்கும். தாளின் கடைசி வரியை "இந்தப் படத்தைப் பாருங்க" என்பதுபோல் முடியுங்கள். அந்த வரியில் திரை முழுக்கப் படத்துக்கு மாறட்டும், ஒட்டு அங்கே மறைந்துவிடும். கூடவே, எழுதியதைச் சொல்லி முடித்ததும் நிறுத்தாமல் பாடத்தின் முதல் இரண்டு வாக்கியத்தையும் அதே மூச்சில் பேசிவிட்டு, அதற்குள் எங்காவது வெட்டுங்கள்.

கண் இடமிருந்து வலமாக ஓடுவது தெரிகிறது என்றால், எழுத்து அகலமாக இருக்கிறது, கேமரா கிட்டே இருக்கிறது. வரிக்கு மூன்று நான்கு சொல்லாக ஒடுக்கி, லென்ஸுக்கு ஒட்டினாற்போல் மேலே வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காருங்கள். முதல் வாக்கியத்தை மட்டுமாவது மனப்பாடம் செய்துவிடுங்கள். பார்ப்பவர் கண்ணைப் பார்ப்பது அந்த வாக்கியத்தின்போதுதான்.

அறிகுறி: நினைவூட்டல் ஓடும்போது வீடியோவை மூடிவிடுகிறார்கள், அல்லது நினைவூட்டலில் பாடத்தில் இல்லாதது வருகிறது

இரண்டாவது எனக்கே வினோதமாக இருந்தது. நினைவூட்டல்களை முன்னதாக எழுதிவைத்திருந்தேன். பாடத்தைப் பேசும்போது ஒரு உதாரணத்தை மாற்றினேன், எண் மாறியது, நினைவூட்டலில் பழைய எண் நின்றது. முன்கூட்டி எழுத வேண்டியது அந்த ஒற்றைப் பதில் வாக்கியம் மட்டும்தான். நினைவூட்டலின் முழு வாசகத்தை, பாடத்தைப் பேசி முடித்த அதே நாற்காலியில், அதே விளக்கில், ஐந்து நிமிடத்துக்குள் எழுதி உடனே பதியுங்கள். மறுநாள் வைத்துக்கொண்டால் சட்டையும் குரலும் மாறும். நான் தொடக்கத்தையும் கடைசியில்தான் பதிகிறேன்: பாடம், நினைவூட்டல், பிறகு தொடக்கம். என்ன சொன்னோம் என்று தெரிந்த பிறகு கேட்கும் கேள்வி கூர்மையாக வருகிறது. அப்படிச் செய்யும்போது, பாடத்தின் முதல் இரண்டு வாக்கியங்களைத் தொடக்கத்தோடு சேர்த்து இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும், பரவாயில்லை.

மூடிவிடுவதற்குக் காரணம், "ஆக, நாம் இதுவரை பார்த்தது" என்ற வரி. கேட்டதையே கேட்கப்போகிறோம் என்று அது அறிவித்துவிடுகிறது. நான் இப்போது எண்களை அழித்த வெற்றுப் படத்தைத் திரையில் போட்டு, "சுமை 2 மீட்டர்ல. மொமென்ட் எங்க அதிகம்? எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். 4 விநாடி. பதிந்துகொண்டிருக்கும்போது அது நாலு நிமிடம் போலிருக்கும், எடிட்டிங்கில் கை தானாக அதை வெட்டப் போகும். வெட்டாதீர்கள். பிறகு எண்களை ஒவ்வொன்றாக ஏற்றி, பதிலை ஒரு வாக்கியத்தில் சொல்லி, எங்கே தவறுவார்களோ அதை ஒரு வரி: "4 × 4 போட்டாலும் 16 வரும், வலது பக்கமிருந்து பார்த்தா. வரலன்னா ரியாக்‌ஷன் தப்பு." மொத்தம் 30 விநாடி.

அறிகுறி: துண்டின் தொடக்கத்தில் படம் உறைந்து நிற்கிறது, அல்லது முந்தைய வாக்கியத்தின் வால் கேட்கிறது

துண்டுகளைத் தனித்தனியாகப் பதியாமல் ஒரே அமர்வில் ஓடவிட்டு, பின்னால் பிரிப்பவர்களுக்கு வருவது. ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியில், மறு-என்கோடிங் இல்லாமல் இப்படி வெட்டியிருப்பீர்கள்:

```
ffmpeg -ss 00:12:40 -i vaguppu.mkv -t 00:06:10 -c copy 03.mp4
```

`-c copy` முழுப் படச் சட்டகம் உள்ள இடத்தில்தான் வெட்ட முடியும். நீங்கள் கேட்ட நொடிக்கு முந்தைய முழுச் சட்டகத்துக்கு அது பின்வாங்கும். OBS என்ற பதிவு மென்பொருளில் `Keyframe Interval` 0 என்று விட்டு x264-இல் பதிந்தால், விநாடிக்கு 30 சட்டகத்தில் இரண்டு முழுச் சட்டகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி 8 விநாடியைத் தாண்டலாம். அடுத்த பதிவுக்கு அதை 2 என்று வையுங்கள். கையில் இருக்கும் பதிவுக்கு, மறு-என்கோடிங் செய்து வெட்டுவதே வழி:

```
ffmpeg -ss 00:12:40 -i vaguppu.mkv -t 00:06:10 -c:v libx264 -crf 20 -c:a aac -b:a 160k 03.mp4
```

நேரம் பிடிக்கும், வெட்டு சொன்ன நொடியில் விழும். பதிவை MKV-ஆக வைத்திருப்பது நல்லது, நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். சாதாரண MP4 பெரும்பாலும் திறக்கவே திறக்காது.

அறிகுறி: ஒரு துண்டு கத்துகிறது, அடுத்தது முணுமுணுக்கிறது

மாணவர் இயர்ஃபோனில் வரிசையாகப் பார்க்கும்போதுதான் தெரியும், தனித்தனியாகக் கேட்டால் தெரியாது. இரண்டு நாளில் பதிந்தால் மைக் நகர்ந்திருக்கும், நாற்காலி நகர்ந்திருக்கும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் என்று கையாலேயே அளந்து உட்காருங்கள். பிறகு எல்லாத் துண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்:

```
ffmpeg -i 03.mp4 -af loudnorm=I=-16:TP=-1.5:LRA=11 -ar 48000 -c:v copy -c:a aac -b:a 160k 03_ok.mp4
```

ஒரு எச்சரிக்கை. முணுமுணுத்த துண்டை ஏற்றும்போது மின்விசிறியும் கூடவே ஏறும். அந்தத் துண்டில் விசிறி ஓடியிருந்தால் இந்தக் கட்டளை காப்பாற்றாது, திரும்பப் பதியத்தான் வேண்டும். ஏப்ரலில் விசிறியை நிறுத்திவிட்டு 9 நிமிடத் துண்டைப் பேசுவது எப்படி என்று கேட்காதீர்கள். நான் காலை 6 மணிக்குப் பதிகிறேன்.

அறிகுறி: ஒரு துண்டில் பிழை, அதை மாற்றினால் மற்றவை உடைகின்றன

பரவிய சுமைத் துண்டில் மீட்டருக்கு 2 என்பதற்குப் பதில் ஓரிடத்தில் 12 என்று வாய் தவறியிருந்தேன். ஆறே நிமிடம், திரும்பப் பதிந்தால் முடிந்தது என்று நினைத்தேன். பதியும்போது ஒரு துண்டு இரண்டாகப் பிரிந்தது. அவ்வளவுதான், ஆறாவது ஏழாவது ஆனது. "மூன்றாவது வீடியோவில் பார்த்தோமே", "அடுத்த வீடியோவில் வரும்" என்று மற்ற துண்டுகளில் நான் சொல்லியிருந்ததெல்லாம் தப்பான இடத்தைக் காட்ட ஆரம்பித்தது.

வாயால் எண்ணைச் சொல்லாதீர்கள். "16 வந்த கணக்கு", "ஷியர் படம் வரைஞ்சோமே, அது" என்று பொருளைச் சொல்லுங்கள். எண் கோப்பின் பெயரிலும் தலைப்பிலும் மட்டும் இருக்கட்டும், அங்கே மாற்றுவது ஒரு நிமிட வேலை. கோப்பு எண்களையும் 10, 20, 30 என்று இடைவெளி விட்டே வைக்கிறேன். நடுவில் ஒன்று முளைத்தால் 35 என்று உட்காரும். அப்புறம், முதல் பதிவின்போதே உட்கார்ந்த இடம், மைக், விளக்கு எல்லாம் தெரியும்படி ஃபோனில் ஒரு படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு துண்டை மாற்றும்போது அன்றைய சட்டை எது என்பதும் அதில் இருக்கும்.